கோரிக்கைக் கடிதத்தின் நீள வசனத்தை உடைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சட்டத்தரணி அல்ல. நுவரெலியாப் பக்கம் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கடிதங்களைத் தயாரிப்பதும் தமிழில் பெயர்ப்பதும் என் வேலை. எங்கள் ஆட்கள் ‘லெட்டர் ஒப் டிமாண்ட்’ என்று சொல்லும் கோரிக்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இதில என்னதான் கேக்குறாங்க?” என்று வந்து நிற்பவர்கள் அதிகம். அனுப்பியவரும் கேட்கிறார், வாங்கியவரும் கேட்கிறார். அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இந்தக் கடிதம் ஒரே வசனமாகத்தான் இருக்கணும்னு சட்டம் இருக்கா?

இல்லை. அது பழக்கத்தால் வந்தது. “அறியத்தருவது யாதெனில்” என்று தொடங்கி “என்பதையும் அறியத்தருகிறேன்” என்று முடித்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு என்ற எண்ணம் பழைய ஆங்கிலக் கடிதங்களை அப்படியே பெயர்த்ததில் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றம் பார்ப்பது வேறு. என்ன கேட்கப்பட்டது, எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது, செய்யாவிட்டால் என்ன என்று சொல்லப்பட்டது என்பதைத்தான் அது பார்க்கும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நமது நாட்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சு சட்டம். ஒரு கடமையைச் செய்யத் திகதி எதுவும் குறிக்கப்படாத இடத்தில், சும்மா நாள் போனதால் மட்டும் எதிராளி தவறியவர் ஆகிவிட மாட்டார். செய்யச் சொல்லிக் கேட்டு, நியாயமான கால அவகாசமும் கொடுத்து, அதுவும் கடந்த பிறகுதான் தவறியவர் ஆவார். ஆகவே கோரிக்கையும் காலக்கெடுவும் கடிதத்தின் அலங்காரம் அல்ல, கடிதம் செய்யும் வேலையே அதுதான். அவை இருபதாவது வரியில் ஒளிந்து கிடந்தால், “எனக்கு விளங்கவே இல்லை” என்று எதிராளி சொல்ல நாமே வழி விட்டவர்கள் ஆவோம்.

ஒரு கடிதத்தை வைத்துக் காட்டுங்களேன்.

சரி. பெயர்களை எடுத்துவிட்டு, தொகையையும் திகதியையும் மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். கந்தப்பளையில் மரக்கறி பயிரிடும் ஒருவர், கரட்டும் லீக்ஸும் ஏற்ற ஒரு பழைய பட்டா லொறியை வாங்கப் பேசினார். விலை 28 இலட்சம். முற்பணம் 6 இலட்சத்தைக் கையிலேயே கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார். எப்போது ஒப்படைப்பது என்று அதில் எழுதவில்லை. மாதங்கள் போயின. லொறியும் வரவில்லை, காசும் வரவில்லை. அவருக்காகத் தயாரித்த முதல் வரைவு இது:

“எனது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின் பேரில் இத்தால் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில், தாங்கள் 2025 மார்ச் 9 ஆம் திகதி தங்களுக்குச் சொந்தமான மேற்படி லொறியை ரூபா 2,800,000 இற்கு எனது கட்சிக்காரருக்கு விற்க உடன்பட்டு, முற்பணமாக ரூபா 600,000 ஐப் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டும் வழங்கியிருந்தும், பலமுறை கேட்டும் இன்றுவரை அதனை ஒப்படைக்காதிருப்பதால், இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் மீதித் தொகையைப் பெற்றுக்கொண்டு மேற்படி லொறியை உரிமை மாற்றத்துக்கான ஆவணங்களுடன் ஒப்படைக்குமாறும், தவறும் பட்சத்தில் மேற்படி உடன்படிக்கையை முடிவுற்றதாகக் கருதி முற்பணத்தையும் அதற்கான சட்டபூர்வ வட்டியையும் நட்டஈட்டையும் அறவிடத் தங்களுக்கு எதிராக எனது கட்சிக்காரர் வழக்குத் தொடர்வார் என்பதையும், இக்கடிதம் எனது கட்சிக்காரரின் ஏனைய உரிமைகளுக்குப் பாதகமின்றி அனுப்பப்படுகிறது என்பதையும் அறியத்தருகிறேன்.”

இதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் லொறிக்காரர் இதை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டிருந்தால், “காசு கேக்குறாங்களா, லொறி கேக்குறாங்களா?” என்றுதான் கேட்டிருப்பார்.

இதை எங்கே பிடித்து உடைப்பது?

வினையைப் பிடியுங்கள். தமிழில் வசனம் நீளுவதற்குக் காரணம் எச்சங்கள்தான். ‘உடன்பட்டு’, ‘பெற்றுக்கொண்டு’, ‘வழங்கியிருந்தும்’, ‘ஒப்படைக்காதிருப்பதால்’, ‘ஒப்படைக்குமாறும்’, ‘கருதி’ என்று ஒவ்வொன்றும் அடுத்ததில் தொங்குகிறது. ஒவ்வொரு எச்சத்துக்கும் கீழே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் யார் அதைச் செய்கிறார் என்று எழுதுங்கள். உடன்பட்டது லொறிக்காரர். ஒப்படைக்க வேண்டியதும் அவரே. கருதுவதும் வழக்குத் தொடர்வதும் நம் கட்சிக்காரர். நீள வசனத்தில் ஆள் மாறிய இடம் வாசிப்பவருக்குத் தெரிவதில்லை. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அப்புறம் அந்த வினைகளை மூன்று கூடைகளில் போடுங்கள். நடந்து முடிந்தவை ஒரு கூடை, இனி எதிராளி செய்ய வேண்டியது ஒரு கூடை, செய்யாவிட்டால் நாம் செய்யப்போவது ஒரு கூடை. எச்சங்களில் இறந்தகாலமானவற்றை முற்று வினையாக்கினால் வசனம் தானாக உடையும். ‘பெற்றுக்கொண்டு’ என்பது ‘பெற்றீர்கள்’ ஆகும்.

இந்த ‘பெற்றுக்கொண்டு’வில் மட்டும் கவனம் வேண்டும். மேலே உள்ள வரைவில் அது இரண்டு முறை வருகிறது. முதலாவது நடந்து முடிந்தது, முற்பணம் வாங்கியது. இரண்டாவது இன்னும் நடக்காதது, மீதியை வாங்கிக்கொண்டு லொறியைக் கொடுப்பது. முதலாவதைத் தனி வசனமாக வெட்டலாம். இரண்டாவதை வெட்டினால் கோரிக்கையே மாறிவிடும். லொறியைக் கேட்பவர் மீதி 22 இலட்சத்தைத் தரத் தயாராக இருக்கிறார் என்பதைச் சொல்வது அந்த ஒரு சொல்தான். இரு பக்கமும் கடமை உள்ள விற்பனையில், தன் பக்கத்தைச் செய்யத் தயார் என்று காட்டாமல் மறுபக்கத்தை மட்டும் கேட்டால் அது வலுவான கோரிக்கை அல்ல.

உடைத்த பிறகு எப்படி வந்தது?

இப்படி:

“2025 மார்ச் 9 ஆம் திகதி, உங்களுக்குச் சொந்தமான மேற்படி லொறியை ரூபா 2,800,000 இற்கு எனது கட்சிக்காரருக்கு விற்க உடன்பட்டீர்கள். முற்பணமாக ரூபா 600,000 ஐப் பெற்றுப் பற்றுச்சீட்டும் வழங்கினீர்கள். எனது கட்சிக்காரர் பலமுறை கேட்டும் இன்றுவரை நீங்கள் லொறியை ஒப்படைக்கவில்லை.

கோரிக்கை: இக்கடிதம் உங்களுக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள், மீதித் தொகையான ரூபா 2,200,000 ஐப் பெற்றுக்கொண்டு, லொறியை உரிமை மாற்றத்துக்கான ஆவணங்களுடன் எனது கட்சிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தவறினால்: எனது கட்சிக்காரர் மேற்படி உடன்படிக்கையை முடிவுற்றதாகக் கருதி, முற்பணம், அதற்கான சட்டபூர்வ வட்டி, நட்டஈடு ஆகிய மூன்றையும் அறவிட உங்களுக்கு எதிராக வழக்குத் தொடர்வார்.

இக்கடிதம் எனது கட்சிக்காரரின் ஏனைய உரிமைகளுக்குப் பாதகமின்றி அனுப்பப்படுகிறது.”

கோரிக்கை என்ற தலைப்பின் கீழ் ஒரே வசனம், அதன் முதல் சொற்களிலேயே காலக்கெடு. நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். கோரிக்கையையும் கெடுவையும் வேறு வேறு பந்திகளில் வைத்தால் எந்தக் கெடு எதற்கு என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஒப்படைக்கும் திகதி பற்றுச்சீட்டில் குறிக்கப்படவில்லை என்று ஒரு வசனம் சேர்த்தால் தெளிவாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியது. சேர்க்கவில்லை. மூல வரைவில் அது இல்லை. வாய்ப்பேச்சில் ஒரு திகதி சொல்லப்பட்டிருந்தால், நம் கடிதமே நம் கட்சிக்காரருக்கு எதிராக நிற்கும்.

“லொறியைக் கொடு, இல்லாட்டி காசைக் கொடு” என்று நேராகவே எழுதினால் என்ன?

அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், இதே மாதிரிக் கடிதம் ஒன்றில் “14 நாட்களுக்குள் வாகனத்தை ஒப்படைக்க வேண்டும் அல்லது முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்” என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசிக்க அவ்வளவு லேசாக இருந்தது. சட்டத்தரணி ‘அல்லது’வைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, “இப்ப தெரிவு யாருக்கிட்ட போயிருச்சு?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

மூல வரைவில் கேட்டது வாகனம். காசு என்பது தவறினால் வரும் விளைவு. ‘அல்லது’ போட்டதும் இரண்டும் சமமான வழிகளாகின்றன, எதைச் செய்வது என்று தீர்மானிப்பவர் எதிராளி. அதற்குள் வாகன விலை ஏறியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே முற்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அதே வாகனத்தைக் கூடின விலைக்கு வேறு ஒருவருக்கு விற்பார். “நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன்” என்பார். வட்டியும் நட்டஈடும் அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடும்.

ஆகவே ‘அல்லது’, ‘மற்றும்’, ‘ஆகிய’, ‘உம்’ ஆகியவற்றை மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் நின்று பாருங்கள். முற்பணம், வட்டி, நட்டஈடு என்று காற்புள்ளியால் மட்டும் பிரித்தால் மூன்றுமா, ஏதாவது ஒன்றா என்று கேட்கலாம். “ஆகிய மூன்றையும்” என்று நான் எழுதியதற்குக் காரணம் அதுதான்.

“உடன்படிக்கை இரத்து” என்றே சொல்லிவிட்டால் கடிதம் இன்னும் பலமாக இருக்காதா?

பலமாகத் தெரியும், ஆனால் அது வேறு கடிதம். ‘தவறினால் முடிவுற்றதாகக் கருதுவார்’ என்பது நிபந்தனையோடு கூடியது. 14 நாள் முடியும்வரை உடன்படிக்கை உயிரோடு இருக்கிறது, லொறிக்காரர் லொறியைத் தந்தால் நம் ஆள் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘உடன்படிக்கை இரத்துச் செய்யப்படுகிறது’ என்று எழுதினால் அது இன்றே முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு லொறியைக் கேட்க நமக்கு என்ன உரிமை? அதுமட்டுமல்ல, ஒப்படைக்கத் திகதியே குறிக்காத உடன்படிக்கையை அவகாசம் கொடுக்காமல் முறித்தால், முறித்தது நீங்கள்தான் என்று அவரே நம் மீது திரும்புவார்.

கால வினைகளை நேராக்கும்போது இந்த வழுக்கல் அடிக்கடி வரும். ‘கருதுவார்’ என்பதைக் ‘கருதுகிறார்’ என்று ஆக்கினாலே போதும், நிபந்தனை போய்விடும். ‘தொடர்வார்’ என்பதைத் ‘தொடரலாம்’ என்று ஆக்கினால் எச்சரிக்கை இளகிவிடும். வசனத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள், வினையின் விகுதியில் கை வைக்காதீர்கள்.

14 நாள் என்றால் எந்த நாளிலிருந்து? எங்கள் லயத்துக்குக் கடிதம் வந்து சேரவே ஒரு கிழமை ஆகுதே.

மலையகத்தில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கொழும்பில் வீட்டு இலக்கத்துக்குத் தபால்காரர் பதிவுத் தபாலைக் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்குவார். தோட்டங்களில் பல லயங்களுக்குத் தனி விலாசமே கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அப்போது ‘கிடைத்தது’ என்பது எந்த நாள்? காரியாலயத்தில் கையொப்பமிட்ட நாளா, ஆளின் கைக்கு வந்த நாளா?

நம் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 2, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தோம். 5ஆம் திகதி காரியாலயத்துக்கு வந்தது. இடையில் 10ஆம் திகதி பொசன் போயா. ஆளின் கைக்குப் போனது 12ஆம் திகதி. கிடைத்த நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ணினால், ஒரு கணக்கில் கெடு ஜூன் 19இல் முடிகிறது, மற்றக் கணக்கில் 26இல். ஒரு கிழமை வித்தியாசம். 20ஆம் திகதி வழக்குப் போட்டால், அவகாசம் முடியவில்லை என்ற வாதத்துக்கு இடம் கிடைக்கும்.

என் விருப்பம் ஒரே திகதி, கிழமையோடு: “2025 ஜூன் 27 ஆம் திகதி வெள்ளிக்கிழமை அல்லது அதற்கு முன்”. வாசிப்பவர் நாட்காட்டியில் விரலை வைத்துக் காட்டலாம். ஆனால் இதை வசனம் திருத்துபவர் தாமாகச் செய்யக் கூடாது. ‘கிடைத்து 14 நாட்கள்’ என்பதைத் திகதியாக மாற்றுவது சட்டப் பயனையே மாற்றுவது, ஏனென்றால் கடிதம் 20ஆம் திகதி கிடைத்தால் அவருக்கு மிச்சம் 7 நாள்தான். சட்டத்தரணியிடம் சொல்லி, தபால் தாமதத்துக்கும் இடம் விட்டு, கையொப்பத்துக்கு முன்னரே திகதியைத் தீர்மானிக்க வேண்டும். உடன்படிக்கையிலோ சட்டத்திலோ ‘அறிவித்தல் கிடைத்து இத்தனை நாள்’ என்று இருந்தால் அந்தச் சொற்களைத் தொடவே வேண்டாம்.

திகதியும் போட்டு ‘கிடைத்து 14 நாட்கள்’ என்றும் சேர்த்து எழுதுவது எல்லாவற்றிலும் மோசம். இரண்டு கெடு இருந்தால் எதிராளி பிந்தியதைப் பிடித்துக்கொள்வார். ‘உடனடியாக’ என்ற சொல்லையும் கெடுவின் பக்கத்தில் வைக்காதீர்கள். உடனடியா, 14 நாளா?

“பாதகமின்றி” என்பதைத் தலைப்பில் பெரிதாகப் போட்டால் நல்லதா?

வேண்டாம். கடிதத்தின் கடைசியில் உள்ள “ஏனைய உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்பதன் பொருள், இங்கே சொல்லாத உரிமைகளையும் நாங்கள் கைவிடவில்லை என்பது. தலைப்பில் வெறும் “பாதகமின்றி” என்று போடுவது வேறு வழக்கம். சமரசப் பேச்சில் ஒத்துக்கொள்பவற்றை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டக் கூடாது என்பதற்காக அப்படி எழுதுவார்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அத்தகைய ஒப்புதல்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. கோரிக்கைக் கடிதமோ, நாளைக்கு நீதிமன்றத்தில் நாமே காட்ட வேண்டிய கடிதம். தேவையற்ற சர்ச்சையை ஏன் தலையில் ஒட்ட வேண்டும்? இருந்த இடத்திலேயே, முழு வசனமாக விடுங்கள்.

ஆள் பதிலே போடாவிட்டால், இப்படி உடைத்து எழுதியதால் ஏதும் நன்மை உண்டா?

உண்டு. 1948இல் தீர்ப்பான சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் கோட்பாடு ஒன்று இருக்கிறது. வணிகக் கொடுக்கல் வாங்கலில் ஒருவர் கடிதத்தில் ஒரு விஷயத்தை இப்படித்தான் என்று எழுதினால், அதை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும், மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்படலாம்.

நீள வசனத்தில், “முற்பணம் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டும் வழங்கியிருந்தும்” என்பது போகிற போக்கில் சொல்லப்பட்டது. “முற்பணமாக ரூபா 600,000 ஐப் பெற்றுப் பற்றுச்சீட்டும் வழங்கினீர்கள்” என்பது நேரான கூற்று. மறுப்பதானால் அதை மறுக்க வேண்டும். கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

சட்டபூர்வ வட்டி என்பதற்குப் பதிலாக வீதத்தையே போடலாமா?

திருத்துபவர் போடக் கூடாது. அந்த வீதம் வர்த்தமானியில் அறிவிக்கப்படுவது, மாறக்கூடியது. எண்ணைப் போட்டால் கடிதம் அந்த எண்ணோடு கட்டுப்பட்டுவிடும்.

கடிதம் ஆங்கிலத்தில் போகுது. தமிழ்ப் பிரதி ஒன்றையும் வைத்தால்?

வையுங்கள். ஆனால் ஆங்கிலத்தை நீளமாக விட்டுவிட்டுத் தமிழை மட்டும் உடைக்காதீர்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் பிசகினாலும் எது சரி என்ற வழக்கு வேறாகத் தொடங்கும். ஆங்கிலத்தை முதலில் உடைத்து, சட்டத்தரணி ஒப்புக்கொண்ட பின் அதே வசனங்களை, அதே எண்ணிக்கையில் தமிழில் பெயர்ப்பதுதான் என் வழக்கம். ஒன்பது வசனம் அங்கே என்றால் ஒன்பது வசனம் இங்கே.

எதையும் மாற்றவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். பழையதிலுள்ள ஒவ்வொரு தொகை, திகதி, நாள் எண்ணிக்கை, பொருள், ஆள், ‘தவறினால்’, ‘பாதகமின்றி’ ஆகியவற்றின் மீது பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புதியதில் அது இருக்கும் இடத்திலும் புள்ளி வையுங்கள். பழையதில் புள்ளி இல்லாமல் மிச்சம் நிற்கும் சொற்கள் ‘இத்தால்’, ‘யாதெனில்’, ‘அறியத்தருகிறேன்’ மாதிரியானவையாக மட்டுமே இருக்க வேண்டும். அப்புறம் திருப்பிப் பாருங்கள். புதியதில் புள்ளி இல்லாத எதாவது இருந்தால், அது நீங்கள் சேர்த்தது. நம் கடிதத்தில் அப்படி நின்றது ரூபா 2,200,000 ஒன்றுதான். அது 28இலிருந்து 6ஐக் கழித்த கணக்கு என்பதால் சட்டத்தரணி விட்டுவிட்டார். இடையில் வேறு ஏதும் காசு கைமாறவில்லை என்று கட்சிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

கடைசியாக, விஷயம் தெரியாத ஒருவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நான் எங்கள் காரியாலயத்துக்குத் தேநீர் கொண்டுவரும் அக்காவிடம் வாசிப்பேன். “யார், என்ன, எப்ப செய்யணும்? செய்யாட்டி என்ன ஆகும்?” என்று கேட்பேன். லொறிக் கடிதத்தின் முதல் வரைவுக்கு அவர், “காசு குடுக்கணும் போல” என்றார். இரண்டாவதுக்கு, “காயிதம் கிடைச்சு பதினாலு நாளுக்குள்ள லொறியக் குடுக்கணும், மிச்சக் காச வாங்கிக்கிட்டு. குடுக்காட்டி கேஸ்” என்றார். அன்று மாலையே சட்டத்தரணி கையொப்பமிட்டார்.